உப்புப் போட்டும் உப்புத் தெரியவில்லை: டயாலிசிஸில் இருக்கும் அத்தைக்குத் துத்தநாகக் குறையா?

காவிரிக்கரை — 12 பிப்ரவரி 2024, இரவு 9.40

என் மாமியாருக்கு வயது 71. இரண்டரை ஆண்டுகளாக வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கடந்த நான்கு மாதங்களாக எதைக் கொடுத்தாலும் "பஞ்சைத் திங்கிற மாதிரி இருக்கு" என்று இரண்டாவது வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறார். ஆட்டுக்கறி என்றால் உயிரை விடுபவர், இப்போது அதில் இரும்பு வாடை அடிக்கிறது என்று அடுப்படிப் பக்கமே வருவதில்லை. இன்று நான் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தபோது, ரசத்தில் யாருக்கும் தெரியாமல் உப்புக் கிண்ணத்திலிருந்து இரண்டு முறை அள்ளிப் போட்டுக்கொண்டார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் முன்பெல்லாம் இரண்டு கிலோ ஏறும் எடை ஏன் மூன்றரைக்கு மேல் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உப்பு தெரியாததால் உப்பு, உப்பால் தாகம், தாகத்தால் தண்ணீர்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள், "ஜிங்க் குறைந்தால் இப்படித்தான், மாத்திரை வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். இது உண்மையா, அல்லது எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் பொது மருந்தா?

எள்ளுருண்டை — 12 பிப்ரவரி, இரவு 10.15

முற்றிலும் உண்மை. மாத்திரைக்கே போக வேண்டாம். எள்ளிலும் பூசணி விதையிலும் துத்தநாகம் கொட்டிக் கிடக்கிறது. தினம் இரண்டு எள்ளுருண்டையும் ஒரு கைப்பிடி விதையும் கொடுங்கள், ஒரே வாரத்தில் நாக்கு திரும்பிவிடும். என் அப்பாவுக்கு 81 வயது, அவருக்கும் இதே கதைதான். பல் போன பிறகு தயிர்சாதமும் காப்பியுமாகவே வாழ்கிறார், எதிலும் ருசி இல்லை என்கிறார். அவருக்கும் எள் ஆரம்பித்திருக்கிறேன்.

தகரக்கொட்டகை — 12 பிப்ரவரி, இரவு 10.31

துத்தநாகம் என்றால் கூரைத் தகட்டில் பூசுவார்களே, அதுதானே? எங்கள் கொட்டகையில் இருபது தகடு இருக்கிறது. பசியெடுக்காதவர்கள் வந்து நக்கிப் பார்க்கலாம்.

இரண்டாம் ஷிப்ட் — 13 பிப்ரவரி, காலை 6.05

நானும் டயாலிசிஸ்காரன்தான், ஐந்தாவது ஆண்டு. எள்ளுருண்டை அண்ணா, நீங்கள் சொல்வது சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்குப் பொருந்தலாம். எங்களுக்கு எள், கடலை, விதை வகைகளில் துத்தநாகத்தைவிட முதலில் தெரிவது பாஸ்பரஸ். அதைக் கட்டுப்படுத்தத்தான் சாப்பாட்டோடு மாத்திரை விழுங்குகிறோம். புரதத்துக்கு எங்களுக்குச் சொல்லப்படுவது முட்டை வெள்ளைக்கரு, ஆனால் முட்டையில் துத்தநாகம் இருப்பது மஞ்சள் கருவில். வெள்ளையில் ஏறக்குறைய இல்லை. கறி, நண்டு, பருப்பு என்று துத்தநாகம் உள்ள எல்லாமே ஏதோ ஒரு காரணத்துக்காக எங்கள் பட்டியலில் அடித்துவிடப்பட்டவை. ஆகவே எங்கள் கூட்டத்தில் குறை வருவது ஆச்சரியமில்லை. ஆனால் மாத்திரை விஷயத்தில் எனக்கு ஒரு கசப்பான கதை உண்டு, பிறகு சொல்கிறேன், வண்டி வந்துவிட்டது.

எலிக்கூண்டு — 13 பிப்ரவரி, பிற்பகல் 3.20

நான் உணவியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் எலிகளைப் பராமரித்தவன். துத்தநாகம் இல்லாத தீவனத்தை வைத்தால் எலி நான்காம் ஐந்தாம் நாளிலேயே உண்பதைக் குறைத்துவிடும். இத்தனை வேகமாகப் பசியை அடக்கும் சத்துக்குறைவுகள் மிகச் சில. அதன் பிறகு நடப்பது விசித்திரமானது: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சற்று உண்ணும், மறுபடி நிறுத்தும், மறுபடி உண்ணும். உடலில் துத்தநாகத்துக்கென்று தனிக் கிடங்கு இல்லை. உண்ணாதபோது தசை கரைந்து, அதிலிருந்து கொஞ்சம் துத்தநாகம் இரத்தத்துக்கு வருகிறது, அது வந்ததும் பசி எட்டிப் பார்க்கிறது, தீர்ந்ததும் மறைகிறது. இதில் முக்கியமானது ஒன்று. அதே தீவனத்தைக் குழாய் வழியாக வலிந்து முழு அளவு ஊட்டினால் அந்த எலிகள் நோயுற்று விழுகின்றன. பசியின்மை அங்கே கோளாறு மட்டுமன்று, தற்காப்பும்கூட. புதுத் திசு கட்டத் துத்தநாகம் இல்லாத உடல், கட்டுமானப் பொருள் எதையும் உள்ளே வரவிடாமல் வாசலைச் சாத்திக்கொள்கிறது.

ஆகவே அம்மா, ருசியும் பசியும் இரண்டு தனித்தனிக் கதவுகள். நாக்கில் ஒன்று, மூளையில் ஒன்று. மூளையில் பசியைத் தூண்டும் நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருளை இந்த எலிகள் வழக்கம்போலச் சுரக்க முடியாமல் திணறுகின்றன என்பது ஒரு விளக்கம். மனிதரில் அந்தப் பகுதி அவ்வளவு தெளிவாகக் காட்டப்படவில்லை.

காவிரிக்கரை — 13 பிப்ரவரி, இரவு 10.02

நாக்கில் நடப்பது என்ன என்பதையும் சொல்லுங்கள். மூளையை நான் பார்க்க முடியாது, நாக்கைப் பார்க்கலாம். பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் படலம்.

எலிக்கூண்டு — 14 பிப்ரவரி, காலை 11.45

வெள்ளைப் படலத்தை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையாக இருந்தால் அதுவே ருசியைக் கெடுக்கும், அதற்குத் துத்தநாகம் மருந்தன்று.

நாக்கைப் பொறுத்தவரை, சுவை அரும்பில் உள்ள உயிரணு ஏறத்தாழப் பத்து நாளில் செத்து, அடியிலிருந்து புதியது ஏறி வருகிறது. தோலைப்போல, குடலைப்போல, இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டிய இடம் அது. உயிரணு பிரிய வேண்டுமானால் துத்தநாகத்தைத் தாங்கிய நொதிகள் வேண்டும். சரக்கு வராத தறிபோல, நெசவு நிற்காது, ஆனால் இழை தளர்ந்து வரும்.

இரண்டாவது, உமிழ்நீர். காதடியில் உள்ள சுரப்பியிலிருந்து துத்தநாகத்தைத் தாங்கிய ஒரு நொதி வாய்க்குள் வருகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் ஆறு என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ராபர்ட் ஹென்கின் 1970-களில் ருசி இழந்தவர்களின் உமிழ்நீரில் இது குறைந்திருப்பதைக் கண்டு, சுவை அரும்பை வளர்ப்பதே இதுதான் என்றார், கஸ்டின் என்றும் பெயரிட்டார். பிற்காலத்தில் இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தபோது அரும்புகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, கசப்பை வெறுப்பது மட்டும் குறைந்திருந்தது. ஆகவே ஹென்கினின் விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை என்பது என் எண்ணம்.

பழைய சோதனைக்கூடம் — 14 பிப்ரவரி, இரவு 8.30

மாத்திரைக்கு முன் இரத்தத்தில் பாருங்கள், ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். நான் முப்பது ஆண்டுகள் இரத்தம் எடுத்தவன். பெரும்பாலான கூடங்கள் ஒரு டெசிலிட்டருக்கு 70 முதல் 120 மைக்ரோகிராம் வரை சரி என்று அச்சடிக்கும். ஆனால் உடலில் உள்ள இரண்டு கிராம் துத்தநாகத்தில் இரத்த நீரில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தத் துளியை வைத்து முழுக் கணக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், நுண்தனிமங்களுக்கென்றே வரும் கருநீல மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியும், சிவப்பணு உடைந்தாலும் ஏறும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் இறங்கும்.

காவிரிக்கரை — 21 பிப்ரவரி, இரவு 9.15

அறிவுரை வருவதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து, மாலை நான்கு மணிக்கு, இட்லி சாப்பிட்ட பின். முடிவு 52. கூடவே இரத்தப் புரதமான ஆல்புமின் 2.9, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 38. பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, காரணம் கிடைத்துவிட்டது என்று. இங்கே எழுதிய பிறகு யோசிக்கிறேன், கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் சிவந்து சீழ் கோத்திருப்பதாக அன்றுதான் சொன்னார்கள்.

பழைய சோதனைக்கூடம் — 21 பிப்ரவரி, இரவு 9.50

அந்த 52-ஐ நம்பாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். உடலில் கிருமித்தொற்று வந்தால் கல்லீரல் துத்தநாகத்தை இரத்தத்திலிருந்து இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். கிருமிக்குக் கிடைக்கக்கூடாது என்பது ஒரு காரணம் என்பார்கள். அப்போது இரத்த அளவு இறங்கும், உடலில் குறைந்ததாக ஆகாது. மேலும் இரத்தத்தில் துத்தநாகத்தின் பெரும்பகுதி ஆல்புமின் முதுகில்தான் சவாரி செய்கிறது. வண்டி குறைந்தால் பயணியும் குறைவு. 2.9 ஆல்புமினுக்கு இந்த அளவு எதிர்பார்க்கக்கூடியதே. தொற்று அடங்கியபின் மறுபடி எடுங்கள்.

காவிரிக்கரை — 22 பிப்ரவரி, பிற்பகல் 2.10

காத்திருக்கும் நாளில் சும்மா இருக்க முடியவில்லை. 200 மில்லி தண்ணீரில் இரண்டு கிராம் உப்பு போட்டு, அதைப் பாதியாக்கிப் பாதியாக்கி நான்கு குவளை செய்தேன். முதல் குவளை மிக வலியது, நான்காவது மிக மெலிந்தது. வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. எனக்கு நான்காவதிலேயே உப்பு என்று தெரிந்தது. அத்தைக்கு மூன்றும் வெறும் தண்ணீர், முதல் குவளையில் மட்டும் கொஞ்சம் தயங்கி, "கசப்பா?" என்று கேட்டார்.

பழைய சோதனைக்கூடம் — 22 பிப்ரவரி, மாலை 6.40

யோசனை நன்று, செய்முறையில் ஓட்டை. எந்தக் குவளை எது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் முகம் சொல்லிக்கொடுக்கும். நடுவில் வெறும் தண்ணீர்க் குவளை இரண்டு சேருங்கள், வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள், மெலிந்ததிலிருந்து வலியதற்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் முன் வாயைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை அதே நேரத்தில்.

எலிக்கூண்டு — 22 பிப்ரவரி, இரவு 7.25

ஒன்றைச் சேர்க்கிறேன். கண்ணைக் கட்டி, காப்பித் தூளை மூக்கருகில் காட்டுங்கள். முதியவர்கள் ருசி இல்லை என்று சொல்வதில் பாதிக்கு மேல் நாக்கன்று, மூக்கு. ரசத்தின் மிளகும் சீரகமும் பெரும்பாலும் மூக்கின் வேலை. உப்பும் புளிப்பும் நாக்கின் வேலை. மூக்கு போனால் சோறு பஞ்சாகும், ஆனால் உப்புக் குவளை தெரியும். உங்கள் அத்தைக்கு நேர்மாறாக இருந்தால் நாக்கைச் சந்தேகிக்க இடமுண்டு.

எள்ளுருண்டை — 24 பிப்ரவரி, காலை 7.30

உங்கள் சோதனையை அப்பாவிடம் செய்து பார்த்தேன். நான்கு குவளையும் சரியாகச் சொன்னார். காப்பித் தூளை மூக்கில் கிட்டத்தட்ட ஒட்டியே வைத்தேன், "என்னடா, மண்ணா?" என்கிறார். பத்து நாளாக எள் கொடுத்ததில் வயிறு கட்டியதுதான் மிச்சம். மருந்துப் பெட்டியையும் பார்த்தேன். இரத்த அழுத்தத்துக்குத் தண்ணீர் போக்கும் மாத்திரை, ஆறு வருடமாக நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை.

எலிக்கூண்டு — 24 பிப்ரவரி, பகல் 12.05

அந்த இரண்டும் துத்தநாகத்துக்கு ஆகாதவைதான். தையசைடு வகை மாத்திரை சிறுநீரில் அதை வெளியேற்றும், அமிலத்தை அடக்கும் மாத்திரை குடலில் சேர்வதைக் குறைக்கும். பல்லில்லாதவர் கறியையும் கடலையையும் விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே குறை இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் நாக்கு சரியாகச் சொல்கிறதென்றால் அவரது பஞ்சுச் சோற்றுக்கு மூக்கே காரணமாக இருக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் தேவையா என்று மட்டும் கேளுங்கள்.

எள்ளைப் பற்றி: அதில் துத்தநாகம் உண்டு, ஆனால் பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது, குடல் விடுவிக்க முடிவதில்லை. 1950-களின் இறுதியில் ஈரானிலும் 1960-களில் எகிப்திலும் மருத்துவர் ஆனந்த பிரசாத் கண்ட வளர்ச்சி குன்றிய இளைஞர்கள் புளிக்காத ரொட்டியையே பிரதானமாக உண்டவர்கள். ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்தால் பிடி தளரும். இட்லி மாவுக்கு அந்த நன்மை உண்டு.

காவிரிக்கரை — 19 மார்ச், இரவு 10.30

நீண்ட இடைவெளி. குழாயை மாற்றினார்கள், ஆன்டிபயாடிக் முடிந்தது, வாய்ப் பூஞ்சைக்கும் மருந்து போட்டார்கள், சி.ஆர்.பி. 6-க்கு வந்தது. காலையில், சாப்பிடாமல், கருநீல மூடிக் குழாயில் எடுத்தார்கள். அதற்காக நான் இரண்டு முறை சண்டை போட வேண்டியிருந்தது. முடிவு 63, ஆல்புமின் 3.3. காப்பித் தூளை உடனே கண்டுபிடித்தார், "பழைய தூள்" என்று குறையும் சொன்னார். உப்பில் மாற்றமில்லை, இன்னும் முதல் குவளைதான்.

மருத்துவர் துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு எழுதினார். அதில் உண்மையான துத்தநாகம் 50 மில்லிகிராம்தான் என்று விளக்கினார். பாஸ்பரஸ் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக்கூடாதாம், இரும்பு மாத்திரையோடும் கூடாதாம். வெறும் வயிற்றில் முதல் நாள் கொடுத்தேன், அரை மணியில் வாந்தி. இப்போது மாலை நான்கு மணிக்கு, இரண்டு பிஸ்கட்டுக்குப் பின், தேநீர் இல்லாமல்.

இரண்டாம் ஷிப்ட் — 20 மார்ச், காலை 5.50

சொல்வதாகச் சொன்ன கதை. நான் சீட்டு இல்லாமல் நானே வாங்கி, நாளுக்கு இரண்டு வீதம், பதினோரு மாதம் போட்டேன். முதல் இரண்டு மாதம் ருசி வந்தது போலத்தான் இருந்தது. பிறகு ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கியது. டயாலிசிஸ்காரனுக்கு இரத்தம் குறைந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இரத்த ஊசியின் அளவை இருமுறை ஏற்றினார்கள். 7-க்கு வந்தது, வெள்ளையணுவும் 2,600-க்கு விழுந்தது, காலில் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தேன். ஒரு இளம் மருத்துவர்தான் என்னென்ன விழுங்குகிறாய் என்று பையைக் கொட்டச் சொன்னார். தாமிரம் அடிமட்டத்தில் இருந்தது. மாத்திரையை நிறுத்தித் தாமிரம் கொடுத்ததும் இரத்தம் நான்கு மாதத்தில் ஏறியது, பாத மரத்துப்போதல் இன்றும் பாதி இருக்கிறது.

எலிக்கூண்டு — 20 மார்ச், காலை 9.35

காரணத்தைச் சொல்கிறேன். துத்தநாகம் அதிகமானால் குடலின் உயிரணு ஒரு கட்டும் புரதத்தை மிகுதியாகச் செய்துகொள்ளும். அந்தப் புரதத்துக்குத் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தின்மேல் பிடிப்பு அதிகம். தாமிரம் அதில் சிக்கி, சில நாளில் அந்த உயிரணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். துத்தநாகம் கலந்த பல்செட்டுப் பசையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கே இது வந்திருக்கிறது. காவிரிக்கரை அம்மா, மூன்று மாதத்துக்கு மேல் போகுமானால் தாமிரத்தைக் கேட்டு எடுங்கள்.

காவிரிக்கரை — 11 ஏப்ரல், இரவு 9.05

மூன்று வாரம் ஆகிறது. குவளையில் மாற்றம் இல்லை. பத்து நாளில் அரும்பு புதுப்பிக்கும் என்றீர்களே?

எலிக்கூண்டு — 11 ஏப்ரல், இரவு 10.20

அரும்பு பத்து நாளில் புதுப்பிக்கும் என்றேன், சத்து பத்து நாளில் அதற்குப் போய்ச் சேரும் என்று சொல்லவில்லை. இது என் தவறுதான், தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பொதுவாகப் பல வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை காத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ருசி இழந்தவர்களுக்குத் துத்தநாகத்தைப் பரப்பிய அதே ஹென்கின், 1976-இல் நூற்றுக்கும் சற்று மேற்பட்டோரிடம் யாருக்கு எது என்று தெரியாமல் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. பலவகைக் காரணங்களால் ருசி போனவர்களை ஒன்றாகச் சேர்த்த சோதனை அது. டயாலிசிஸ்காரர்களிடம் மட்டும் 1980-இல் மகாஜன், பிரசாத் குழு செய்ததில் பலன் தெரிந்தது. 2003-இல் வேறொரு குழு வழக்கமான அளவில் கொடுத்தபோது தெரியவில்லை. புற்றுநோய்க்குத் தலையிலும் கழுத்திலும் கதிர் வாங்குவோரிடம் 2007-இல் செய்த பெரிய சோதனையிலும் ருசி காக்கப்படவில்லை. அங்கே அரும்பு கதிரால் அடிபடுகிறது. குறை இருப்பவருக்கு நிரப்பினால் உதவும், இல்லாதவருக்கு ஊற்றினால் வழிந்து போகும் என்பதே என் புரிதல், ஆனால் குறையைக் காட்டும் அளவுகோலே ஆட்டம் காணும்போது அதை எப்படி உறுதிப்படுத்துவது?

தகரக்கொட்டகை — 12 ஏப்ரல், காலை 8.10

அப்படியானால் என் தகட்டை நக்கியவர்களுக்கும் வெற்றுத் தகட்டை நக்கியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்கிறீர்கள்.

காவிரிக்கரை — 4 மே, இரவு 9.30

ஆறரை வாரம். என் மகன் ஊற்றினான், நான் அறைக்கே போகவில்லை. மூன்றாவது குவளையில் "உப்பு" என்றார், நடுவில் வந்த வெறும் தண்ணீரைத் தண்ணீர் என்றே சொன்னார். எடை ஏற்றம் இந்த வாரம் 2.4 கிலோ. சோறு இன்னும் பாதிதான் சாப்பிடுகிறார், கறிவாடை போகவில்லை. பூரித்து எழுதிவிட்டு அழித்தேன். இந்த இடைவெளியில் தொற்றும் பூஞ்சையும் தீர்ந்திருக்கின்றன, டயாலிசிஸ் நேரம் அரைமணி கூட்டப்பட்டிருக்கிறது, அவரும் போட்டுவந்த நெஞ்செரிச்சல் மாத்திரை நின்றிருக்கிறது. இத்தனையில் துத்தநாகத்துக்கு மட்டும் மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

எள்ளுருண்டை — 5 மே, காலை 7.00

எனக்கு மனம் வருகிறது. மற்றவை எல்லாம் தீர்ந்து மார்ச்சில் நீங்கள் சோதித்தபோது முதல் குவளையில்தானே இருந்தார்?

பழைய சோதனைக்கூடம் — 5 மே, காலை 9.20

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் மார்ச்சில் தொற்று அடங்கி ஓரிரு வாரம்கூட ஆகவில்லை. தேறி வர நாக்குக்கும் நாள் பிடித்திருக்கலாம்.

காவிரிக்கரை — 22 ஜூலை, இரவு 8.45

ஜூன் 17-இல் மாத்திரையை நிறுத்தினோம். தாமிரம் சரியாக இருந்தது. நிறுத்தியபோது துத்தநாகம் 84; ஐந்து வாரம் கழித்து இன்று 66, காலையில், வெறும் வயிற்றில், சி.ஆர்.பி. 5. குவளை மட்டும் மூன்றாவதிலேயே நிற்கிறது. இரத்தம் இறங்கியும் நாக்கு ஏன் கூடவே இறங்கவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ஆகஸ்ட் 19-இல் இரண்டையும் மறுபடி எடுக்கிறோம். கறிவாடை அப்படியே இருக்கிறது, இறால் மட்டும் பரவாயில்லை என்கிறார்.